சுன்னி, ஷியா: யார் சொன்னால் செல்லும்? பிளஸ் டூ மாணவர்கள் கேட்ட கேள்விகள்

அரேபிய வரலாறு நடத்தும் வாரத்தில் மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்துவிடுவேன். எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சீட்டில் எழுதிப் போடலாம். தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், மார்த்தாண்டம் என்று பல ஊர்ப் பிள்ளைகள். எல்லா மதத்தாரும் உண்டு. கேள்விகளை அவர்கள் எழுதியபடியே கொடுத்திருக்கிறேன்.

சார், ஒரு வரியில சொன்னா என்ன வித்தியாசம்?

நபிகள் நாயகம் 632-ல் காலமான பிறகு, மார்க்கத்தில் யார் சொல் கடைசிச் சொல் என்பதுதான்.

சுன்னிகள் பார்வையில், நபிக்குப் பிறகு தவறே செய்யாத தனி மனிதர் என்று யாரும் இல்லை. குர்ஆனும் நபியின் வழிமுறையும் இருக்கின்றன. அவற்றை நபித்தோழர்களும் அவர்களுக்குப் பின் வந்த அறிஞர்களும் ஒரு சமூகமாகப் பாதுகாத்து விளக்குகிறார்கள். ஷியாக்கள் பார்வையில், இறைவன் சமூகத்தை அப்படி விட்டுவிடவில்லை. நபியின் மருமகன் அலி, அவரையடுத்து நபியின் பேரர்கள் ஹசன், ஹுசைன், பிறகு ஹுசைனின் வழிவந்தவர்கள் என்று இமாம்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். குர்ஆனுக்குச் சரியான பொருள் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஷியாக்களிலும் கிளைகள் உண்டு: பன்னிரு இமாம் வழியினர், இஸ்மாயிலிகள், ஸைதிகள். இந்தப் பக்கத்தில் ‘ஷியா’ என்று எழுதுவது பன்னிரு இமாம் வழியினரைப் பற்றி மட்டுமே. ஈரானிலும் இராக்கிலும் இந்திய ஷியாக்களிலும் அவர்கள்தான் பெரும்பான்மை.

எங்க பள்ளிவாசல்லயும் இமாம் இருக்காரே? அப்போ நாங்க ஷியாவா?

இல்லை. ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது, குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் பள்ளிவாசல் இமாம், தொழுகையை முன்நின்று நடத்துகிறவர். ஜமாஅத் நிர்வாகம் சம்பளம் பேசி நியமிக்கிறது. ஒத்துவரவில்லை என்றால் மாற்றவும் செய்கிறது. இரண்டாவது, ‘இமாம் ஷாஃபி’, ‘இமாம் அபூஹனீஃபா’ என்று சொல்லும்போது வருகிற இமாம். அது பேரறிஞர் என்ற பொருளில் தரும் பட்டம். அவர் தவறலாம், அவரோடு வேறொரு அறிஞர் முரண்படலாம், முரண்பட்டும் இருக்கிறார்கள்.

மூன்றாவது பொருள்தான் ஷியாக்களுடையது. அங்கே இமாம் என்றால் முதலாமவர் அலி, பன்னிரண்டாமவர் மஹ்தி. அந்தப் பன்னிரண்டு பேர் மட்டும். அவர்கள் பாவத்திலிருந்தும் தவற்றிலிருந்தும் காக்கப்பட்டவர்கள் என்பது ஷியா நம்பிக்கை. இதற்கு ‘மஃசூம்’ என்று சொல். சுன்னிகள் இந்தத் தன்மையை நபிமார்களுக்கு மட்டுமே ஒப்புக்கொள்கிறார்கள். இமாம் நபி அல்லர், அவருக்குப் புதிய வேதம் வராது என்பதில் ஷியாக்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

நபி யாரையாவது வாரிசா சொன்னாரா இல்லையா? ஒரு ஆதாரத்தை எடுத்து ரெண்டு பேரும் எப்படிப் படிக்கிறாங்கன்னு காட்டுங்க சார்.

நல்ல கேள்வி. இதற்கு ஒரு முழுப் பீரியட் எடுத்துக்கொள்வேன்.

632 மார்ச். நபி தம் கடைசி ஹஜ்ஜை முடித்து மதீனாவுக்குத் திரும்புகிறார். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே கும் என்ற இடத்தில் ஒரு நீர்நிலை. கதீர் என்றால் குளம். அதனால் அந்த இடம் ‘கதீர் கும்’. அங்கே பயணக் கூட்டத்தை நிறுத்தி, அலியின் கையைப் பிடித்து நபி சொன்னதாக வரும் வாக்கியம் இது: “நான் யாருக்கு மௌலாவோ, அவருக்கு இந்த அலியும் மௌலா.” இது துல்ஹஜ் 18-ஆம் நாள் நடந்தது. சுமார் மூன்று மாதத்தில் நபி காலமானார்.

இங்கே முதலில் கவனிக்க வேண்டியது, இந்த வாக்கியத்தை ஷியாக்கள் மட்டும் சொல்லவில்லை. திர்மிதி, அஹ்மத் இப்னு ஹன்பல் ஆகிய சுன்னி அறிஞர்களின் ஹதீஸ், அதாவது நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. ‘ஷியாக்கள் இட்டுக்கட்டியது’ என்று விடைத்தாளில் எழுதினால் தவறு. சண்டை வாக்கியத்தைப் பற்றியதல்ல, ‘மௌலா’ என்ற ஒரே சொல்லைப் பற்றியது.

அரபியில் மௌலா என்றால் தலைவன், எஜமான், உற்ற நண்பன், உதவுகிறவன், விடுதலை பெற்ற அடிமை என்று பல பொருள். நாகர்கோவிலில் ‘அண்ணாச்சி’ என்கிறோமே, அதைப்போல. கூடப் பிறந்த மூத்தவரும் அண்ணாச்சி, மளிகைக் கடைக்காரரும் அண்ணாச்சி, ஊரில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற பெரியவரும் அண்ணாச்சி. “இனிமே இவருதான் உங்களுக்கு அண்ணாச்சி” என்று ஒருவர் சொன்னால், பாசமாக இருங்கள் என்கிறாரா, இவர் சொல்படி நடங்கள் என்கிறாரா? சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நமக்குப் பழக்கமான ‘மௌலவி’ கூட இதே சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

ஷியாக்கள் காட்டும் சூழல்: அந்த வாக்கியத்துக்குச் சற்று முன், “நம்பிக்கையாளர்களுக்கு அவர்களுடைய உயிரைவிட நான் உரிமை உள்ளவன் அல்லவா?” என்று நபி கேட்டிருக்கிறார். குர்ஆனின் 33:6 வசனத்தை ஒட்டிய கேள்வி அது. உரிமை, அதிகாரம் பற்றிக் கேட்டுவிட்டு அடுத்த வாயில் சொல்கிற மௌலாவுக்கும் அதிகாரம் என்றுதான் பொருள். அதோடு, நண்பர் என்று சொல்லவா அத்தனை பெரிய கூட்டத்தை வெயிலில் நிறுத்துவார்கள் என்று கேட்கிறார்கள்.

சுன்னிகள் காட்டும் சூழல் வேறு. அதற்குச் சற்று முன் அலி யமன் நாட்டுக்குப் போயிருந்தார். அங்கே அவர் நடந்துகொண்ட விதம்பற்றிச் சிலர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த முணுமுணுப்பை நிறுத்தத்தான் நபி இப்படிச் சொன்னார். இதைத் தொடர்ந்து “அவரை நேசிப்பவரை நீ நேசி, பகைப்பவரை நீ பகை” என்ற பிரார்த்தனை வருகிறது. ஆகவே பேச்சு நேசத்தைப் பற்றியது. வாரிசு நியமனம் என்றால் நேரடியான சொல்லில் சொல்லியிருப்பார், பிறகு நபிக்கு அடுத்த முதல் தலைவராக வந்த அபூபக்கரை அலியும் ஏற்றிருக்க மாட்டார் என்பது அவர்கள் வாதம். அலி உடனே ஏற்கவில்லை, சமூகம் உடையக் கூடாது என்றே பொறுத்துப்போனார் என்பது அதற்கு ஷியாக்களின் பதில்.

இதில் எது சரி என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. ஆனால் இரண்டு வாசிப்பும் வாக்கியத்துக்கு முன்பின் இருப்பதை வைத்துத்தான் நிற்கின்றன, யாரும் காற்றில் கட்டவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். துல்ஹஜ் 18 இன்றும் ஷியாக்களுக்குப் பெருநாள். சுன்னி நாட்காட்டியில் அது சாதாரண நாள்.

தக்கலை தர்காவுக்குப் போறவங்க ஷியாவா? தவ்ஹீத்காரங்க என்ன?

இரு தரப்பும் சுன்னிகள்தான். தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பா தமிழில் பாடிய சூஃபி ஞானி. ஆண்டு விழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஓர் இரவு முழுக்கப் பாடுகிறார்கள். இது சுன்னி மரபுக்குள் இருக்கும் சூஃபி வழி. தர்காவுக்குப் போகலாமா, மத்ஹப் என்ற சட்டப்பள்ளியைப் பின்பற்ற வேண்டுமா என்பதில் தவ்ஹீத் அமைப்பினர் மற்ற சுன்னத் ஜமாஅத்தாரோடு மாறுபடுகிறார்கள். அது வேறு வழக்கு. நபிக்குப் பின் தவறிழைக்காத இமாம் உண்டா என்று கேட்டால் இரு தரப்பும் ‘இல்லை’ என்றே சொல்வார்கள்.

நம் மாவட்டத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் சுன்னிகள். ஷியாக்களைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குப் போகலாம். அண்ணா சாலையை ஒட்டிய ஆயிரம் விளக்கு மசூதி அவர்களுடையது.

சுன்னிகளுக்குத் தலைவர் யாரு? யார் சொன்னா எல்லாரும் கேக்கணும்?

அப்படி ஒருவர் இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். குமரியில் பெருநாள் பிறை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அரசு தலைமை காஜி அறிவிப்பார். இங்கே சில ஆண்டுகளில் சில ஜமாஅத்துகள் பக்கத்துக் கேரளத்தில் பிறை கண்ட தகவலை ஏற்று முதல் நாளே பெருநாள் கொண்டாடிவிடும். அதனால் யாரும் மார்க்கத்தைவிட்டுப் போய்விட்டதாக ஆகாது.

சட்டத்தில் நான்கு மத்ஹப்கள் நிலைத்தன: ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி. இமாம் ஷாஃபி இறந்தது 820-ல். ஆயிரத்து இருநூறு ஆண்டு ஆகியும் அவர் வழியில் தொழுகிறவர்கள் தமிழகக் கடற்கரை ஊர்களில் நிறைய. ஆனால் அவர் எழுதியதையே நேராக எடுத்து நடத்துவதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் நவவி போன்ற பின்னாள் அறிஞர்கள் சலித்து வைத்ததைத்தான் ஆலிம்கள் படிக்கிறார்கள்.

புதிதாக ஒரு சிக்கல் வந்தால் முஃப்தி ஃபத்வா தருவார். அது கற்றவரின் கருத்து. நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. திருப்தி இல்லை என்றால் இன்னொரு முஃப்தியிடம் போகலாம். பல தலைமுறை அறிஞர்கள் ஒருமித்துச் சொன்னதற்குத்தான் பெரிய கனம். அதை ‘இஜ்மா’ என்பார்கள்.

ஷியாக்களோட பன்னிரண்டாவது இமாம் மறைஞ்சிட்டாருன்னா, இப்ப அவங்களுக்கு யாரு பதில் சொல்வா?

பன்னிரண்டாம் இமாம் 874-ல் மக்கள் பார்வையிலிருந்து மறைந்தார், இறக்கவில்லை, ஒரு நாள் திரும்பி வருவார் என்பது நம்பிக்கை. 941 வரை ஒருவர்பின் ஒருவராக நான்கு பிரதிநிதிகள் அவர் சார்பில் பேசினார்கள். நான்காமவரோடு அது நின்றுபோனது. (மஹ்தி வருவார் என்று சுன்னிகளும் சொல்வார்கள். ஆனால் அவர்களைப் பொறுத்தவரை அவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.)

அப்புறம் என்ன செய்வது? இதற்கு விடை தேட ஷியா அறிஞர்களுக்குப் பல நூற்றாண்டு ஆனது. இமாம்களின் சொற்களாக வந்த ஹதீஸ்களை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்றது ஒரு தரப்பு; அவர்கள் அக்பாரிகள். ஆராய்ந்து தீர்ப்பு சொல்லத் தகுதி பெற்ற முஜ்தஹிதை மற்றவர்கள் பின்பற்ற வேண்டும் என்றது மற்றத் தரப்பு, அவர்கள் உஸூலிகள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உஸூலிகளின் கை ஓங்கியது. இன்றைய நடைமுறை அதிலிருந்து வந்ததே.

அந்த நடைமுறை இப்படி. பருவம் அடைந்த ஒவ்வொரு ஷியாவும், தானே முஜ்தஹிதாக இல்லாவிட்டால், உயிரோடு இருக்கிற ஒரு பெரிய முஜ்தஹிதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவர்தான் ‘மர்ஜா’. யார் அதிகம் கற்றவர் என்று விவரம் தெரிந்த இரண்டு நம்பகமானவர்களிடம் விசாரித்து முடிவு செய்யலாம். மர்ஜா தம் தீர்ப்புகளை ஒரு கையேடாக வெளியிட்டிருப்பார்; தொழுகை, நோன்பு, வியாபாரம் எல்லாவற்றுக்கும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். மர்ஜாவும் தவறக்கூடியவர்தான். இமாமுக்கு இருக்கும் ‘மஃசூம்’ தன்மை அவருக்குக் கிடையாது.

இங்கே இரண்டு மரபுக்கும் நடுவில் சுவையான ஒரு திருப்பம் இருக்கிறது. சுன்னி ஒருவர் 820-ல் இறந்தவரின் வழியைத் தாராளமாகப் பின்பற்றலாம். ஷியாவோ, பெரும்பாலான அறிஞர்கள் கருத்துப்படி, இறந்துபோன ஒருவரைப் புதிதாகத் தேர்ந்துகொள்ள முடியாது. 1992-ல் இராக்கின் நஜஃப் நகரத்து அபுல் காசிம் கூயி என்ற பெரிய மர்ஜா இறந்தபோது, அவரைப் பின்பற்றியவர்கள் “இனி யார்?” என்று கேட்க வேண்டிவந்தது. பலர் அவருடைய மாணவர் அலி சிஸ்தானியிடம் வந்தார்கள். பழைய தீர்ப்புகளிலேயே தொடரலாமா என்பதற்கும் உயிரோடு இருப்பவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.

பணமும் இதே வழியில் போகிறது. ஆண்டுச் செலவெல்லாம் போக மீதியில் ஐந்தில் ஒரு பங்கு ‘கும்ஸ்’. 30,000 ரூபாய் மீந்தால் 6,000. அதில் 3,000 இமாமின் பங்கு. மறைந்திருக்கும் இமாமுக்காக மர்ஜாவிடமோ அவர் பிரதிநிதியிடமோ போகும். மற்ற 3,000 நபியின் வழிவந்த ஏழை சையிதுகளுக்கு. சுன்னிகளிடமும் கும்ஸ் என்ற சொல் உண்டு, ஆனால் போர்ப் பொருள், புதையல் போன்றவற்றோடு நிற்கிறது, சம்பாத்தியத்துக்கு வராது. நம் ஊர் இமாமின் சம்பளம் ஜமாஅத் கையில் இருக்கிறது, மர்ஜாவுக்கோ பின்பற்றுகிறவர்கள் நேரடியாகத் தருகிறார்கள். ஷியா அறிஞர்கள் பல இடங்களில் அரசை எதிர்த்து நிற்க முடிந்ததற்கு இந்தப் பணவழியும் ஒரு காரணம்.

அப்போ மர்ஜான்னா எங்க சபையில போப்பாண்டவர் மாதிரியா?

கத்தோலிக்கப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது. கொஞ்சம்தான் ஒத்துவரும். போப் ஒருவர்தான், கர்தினால்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மர்ஜா ஒரே காலத்தில் பலர் இருக்கலாம், தேர்தல் இல்லை. பின்பற்றுகிறவர்கள் சேரச் சேரப் பெயர் உயர்கிறது.

ஈரானின் உச்சத் தலைவர் பதவியையும் இதோடு குழப்பாதீர்கள். மறைந்த இமாமின் இடத்தில் மார்க்க அறிஞரே ஆட்சியும் நடத்தலாம் என்ற கருத்தை ஈரானின் கொமெய்னி 1970-ல் நஜஃபில் விரிவுரைகளாகச் சொன்னார். 1979 புரட்சிக்குப் பின் அது ஈரானின் அரசியல் சட்டமானது. அதே நஜஃபில் இருந்த கூயி அதை ஏற்கவில்லை. ஷியாக்களுக்குள்ளேயே இன்றும் விவாதத்தில் இருக்கிற கருத்து அது.

இதெல்லாம் நம்பிக்கைதானே சார்? நடைமுறையில ஏதாவது மாறுதா?

சொத்தில் மாறும். கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு இது. ஒருவர் இறந்துபோகிறார். மனைவி, பெற்றோர் முன்பே இல்லை. ஒரே மகள், இறந்தவருக்கு ஒரு தம்பி. அடக்கச் செலவு, கடன் எல்லாம் போக 40 சென்ட் தென்னந்தோப்பு மிச்சம்.

ஒரே மகள் என்றால் பாதி என்று குர்ஆன் 4:11 சொல்கிறது. ஆகவே 20 சென்ட் மகளுக்கு. இதுவரை இருவரும் ஒன்று. மீதி 20 யாருக்கு? “பங்குகளை உரியவர்களுக்குக் கொடுங்கள், மிஞ்சியது நெருங்கிய ஆண் உறவுக்கு” என்ற நபிமொழியை சுன்னிகள் ஏற்கிறார்கள். எனவே 20 சென்ட் தம்பிக்குப் போகும்.

ஷியாக்கள் இந்த அறிவிப்பை ஏற்பதில்லை. இரத்த உறவுகளில் நெருங்கியவருக்கே முன்னுரிமை என்ற 8:75 வசனத்தை இமாம்கள் விளக்கியபடி எடுக்கிறார்கள். மகள் இருக்கும்போது தம்பி ஒரு படி தள்ளி நிற்கிறார். ஆகவே மீதியும் மகளுக்கே திரும்பி, 40 சென்டும் அவளுடையதாகிறது. இந்திய நீதிமன்றங்களும் சுன்னிக்கு சுன்னி சட்டம், ஷியாவுக்கு ஷியா சட்டம் என்றுதான் பங்கு பிரிக்கின்றன.

ஒரே வேதம், ஒரே குடும்பம், ஒரே தோப்பு. எந்த அறிவிப்பை யார் வழியாக ஏற்பது என்ற இடத்தில் 20 சென்ட் கைமாறுகிறது.

அப்படின்னா குர்ஆனே வேற வேறயா?

இல்லை, அதே 114 அத்தியாயங்கள். வேறுபடுவது ஹதீஸ் தொகுப்புகள். சுன்னிகளிடம் புகாரி, முஸ்லிம் தொடங்கி ஆறு. ஷியாக்களிடம் குலைனியின் ‘அல்காஃபி’ தொடங்கி நான்கு. அல்காஃபியில் இருப்பதெல்லாம் சரி என்று ஷியா அறிஞர்களே சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் எடுப்பார்கள்.

எங்க அப்பா ஈரான்ல மீன்பிடிக்கப் போயிருந்தாங்க. முஹர்ரம் மாசம் ஊரே கருப்பா இருக்கும்னாங்க. நம்ம ஊர் முஸ்லிம்கள் ஏன் அப்படிச் செய்யல?

2020 ஊரடங்கில் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் மீனவர்களைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு ஆச்சரியமில்லை.

680 அக்டோபரில், முஹர்ரம் 10 அன்று, நபியின் பேரர் ஹுசைன் இராக்கின் கர்பலாவில் அன்றைய ஆட்சியாளர் யஸீதின் படையால் கொல்லப்பட்டார். ஷியாக்களுக்கு அவர் மூன்றாம் இமாம். ஆகவே அது இறைவன் நியமித்த வழிகாட்டியை இழந்த நாள். கருப்புக்கொடியும் புலம்பலும் அதற்காக. சுன்னிகளும் ஹுசைனை மிக நேசிக்கிறார்கள், அந்தக் கொலையைக் கொடுமை என்றே சொல்கிறார்கள். ஆனால் அதை ஆண்டுதோறும் துக்கச் சடங்காக ஆக்குவதில்லை. அதே நாளில் மூஸா நபி எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து தப்பியதை நினைத்து முஹர்ரம் 9, 10 நோன்பு வைக்கிறார்கள்.

பரீட்சையில எப்படி எழுதினா மார்க் குறையாது?

பாதிப் பேர் எழுதுவது: ‘சுன்னிகள் தேர்தலை நம்புகிறவர்கள், ஷியாக்கள் பரம்பரை ஆட்சியை நம்புகிறவர்கள்.’ இதற்குப் பாதி மதிப்பெண்தான் போடுவேன். அபூபக்கரை மதீனாவில் சகீஃபா என்ற இடத்தில் கூடியவர்கள் தேர்ந்தார்கள், அடுத்து வந்த உமரை அபூபக்கர் முன்கூட்டியே நியமித்தார், மூன்றாமவர் உஸ்மானை ஆறு பேர் குழு தேர்ந்தது. மூன்றும் மூன்று வழி. சுன்னிகள் மூன்றையும் ஏற்கிறார்கள். ஷியாக்களிடமும் வெறும் பரம்பரை இல்லை. ஹசனுக்குப் பின் இமாமத் அவர் மகனுக்குப் போகவில்லை, தம்பி ஹுசைனுக்குப் போனது. ஏனென்றால் அங்கே முக்கியம் பெயர் சொல்லி நியமிப்பது, அதற்கு ‘நஸ்’ என்று பெயர்.

இன்னொன்று. ‘உண்மையில்’, ‘சரியான இஸ்லாம்’ போன்ற சொற்கள் வேண்டாம். ‘சுன்னிகள் கருதுவது’, ‘ஷியாக்கள் நம்புவது’ என்று எழுதுங்கள். அலி பெயருக்குப் பின்னால் வாழ்த்தாக (ரலி) போட்டால் எழுதியவர் சுன்னி, (அலை) போட்டால் பெரும்பாலும் ஷியா என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். வீட்டு வழக்கப்படி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மார்க் குறைக்க மாட்டேன். நான் இந்தப் பக்கத்தில் இரண்டையும் போடாமல் விட்டது அதனால்தான்.